பொட்டலத்தில் ஐந்து கிராம்

"ஜிம்முல தூக்குற பசங்க குடிக்கிற மாவாச்சே இது. இத உங்கம்மாவுக்குக் குடுத்து யாரோட மல்லுக்கு அனுப்பப் போற?"

கேட்டவர் அம்மாவோடு தெருக்கூட்டும் அக்கா. எங்கள் சந்திலேயே நான்கு வீடு தள்ளி இருப்பவர். என் கையிலிருந்த டப்பாவின் மேல் ஒரு ஆணின் கை மட்டும் அச்சாகியிருந்தது. அந்தக் கைக்கு என் இடுப்பளவு சுற்றளவு இருக்கும். அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சத்து மாவு இல்லக்கா, கிரியாட்டின். நம்ம உடம்பே தயார் பண்ற பொருள்தான். மீன்லயும் கறியிலயும் இருக்கு" என்றேன்.

"அப்போ மீன் வாங்கிக் குடேன்."

"இதுல இருக்கற அளவுக்குத் தினம் ஒரு கிலோ மீன் சாப்பிடணும்."

"வாங்கிக் குடு. தலைய எனக்குக் குடுத்துடு."

நான் டப்பாவைப் பைக்குள் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் படிக்காதவர்களிடம் வாதாடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கையால் எனக்கு இரண்டு மாதம் நஷ்டமானது. அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஏழு வருடமாக உடம்பு முழுக்க வலி. தோள், முதுகு, இடுப்பு, தொடை, உள்ளங்கால். காலையில் எழும்போது யாரோ இரவெல்லாம் மிதித்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது என்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் வயது என்றார். ஒருவர் கால்சியம் கொடுத்தார். இன்னொருவர் வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார். "வீட்டுல இவ ஒருத்திதான் இருக்கா, பிரச்சனையெல்லாம் இல்ல" என்று என்னைக் காட்டினார் அம்மா. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர்தான் அரை மணி நேரம் பேசிப் பார்த்து, ஃபைப்ரோமயால்ஜியா என்று சொன்னார். வலியை உணரும் நரம்பு மண்டலமே சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறது, வலி பொய்யில்லை, எலும்பில் மட்டும் தேடினால் கிடைக்காது என்றார். இரவுக்கு ஒரு மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம். அந்தப் பெயரை அம்மாவால் இன்றுவரை சொல்ல முடியாது. ஆனால் பெயர் இருக்கிறது என்பதைச் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்.

வலியோடுதான் ஏழு வருடமும் வேலைக்குப் போனார். இந்த வருடம்தான் சிக்கல் வந்தது. வேலையை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் போகப்போகிறது என்று பேச்சு. அம்மா பத்தொன்பது வருடமாகக் காத்திருக்கும் பட்டியல். மேற்பார்வையாளர் வருகைப் பதிவின்போது எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: தன் குப்பை வண்டியை மேட்டில் தானே தள்ளிக்கொண்டு போக முடியாதவர்களின் பெயரை நான் அனுப்ப மாட்டேன், ஐந்து மாதம் கழித்து நானே நின்று பார்ப்பேன். அம்மா அந்த மேட்டில் மூன்று இடத்தில் நின்று நின்றுதான் போவார்.

என் வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளின் விவரங்களைச் சரிபார்க்கும் நிறுவனம். ஒரு நோயாளிக்கு முப்பது மாத்திரை கொடுத்திருந்தால், திரும்பி வந்த காலி அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பேன். எண்ணிக்கை உதைத்தால் ஒரு கேள்வி எழுதி அனுப்புவேன். நாளெல்லாம் இதுதான். இதில் நான் கெட்டிக்காரி. என் குழுவில் என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அக்காவிடம் சொன்னார். அக்கா, "தப்பு கண்டுபிடிக்கறதுக்கு சம்பளமா? எங்க மாமியா சும்மாவே பண்ணுச்சு" என்றார்.

இப்படிப்பட்ட நான் ஃபைப்ரோமயால்ஜியா பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்ததில் வியப்பில்லை. கிரியாட்டின் பற்றிக் கிடைத்தவை கொஞ்சம்தான், எல்லாமே சிறியவை. ஒன்றில் முப்பது பெண்கள்கூட இல்லை. பாதிப் பேருக்குக் கிரியாட்டின், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய நான்கு மாதம். கிரியாட்டின் எடுத்தவர்களின் தசையில் அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கும் சக்திச் சேமிப்பு கூடியிருந்தது. தசை பலமும் ஓரளவு கூடியிருந்தது. வலி குறையவில்லை. தூக்கமும் மாறவில்லை. இன்னொன்றில் இன்னும் குறைவான ஆட்கள், வெறும் மாவு கொடுத்த குழுவே கிடையாது. எல்லோருக்கும் தாங்கள் எடுப்பது என்னவென்று தெரியும். அவர்கள் வலி உட்பட எல்லாமே தேவலை என்றார்கள். நிறுத்தியதும் மறுபடி மோசம் என்றார்கள். இரண்டாவதை நான் நம்பவில்லை. தெரிந்து குடிப்பவர் தேவலை என்றுதான் சொல்வார் என்பது என் தொழிலில் முதல் நாள் பாடம்.

அச்செடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"வலி கம்மி ஆகும்னு கொடுக்காதீங்க, அதுக்கு ஆதாரம் இல்ல. பலத்துக்கு ட்ரை பண்ணலாம். மொதல்ல கிட்னி டெஸ்ட் பார்க்கோணும். சரி இருந்தா தினம் அஞ்சு கிராம், சாப்பாட்டோட. அந்த ஜிம் ஹுடுகரு, பசங்க மாதிரி மொதல் வாரமே இருபது கிராமெல்லாம் பேடா, வேணாம். வயிறு கெட்டுப் போகும்."

"அஞ்சு கிராம்ல தசை நிறைய எவ்வளவு நாள் ஆகும் மேடம்?"

"மூணு நாலு வாரம். பயிற்சியையும் விடக்கூடாது. இன்னொண்ணு. இது உடம்புல சேர்ந்தா ரத்தத்துல கிரியாட்டினின்னு கிட்னி வெளியேத்தற ஒரு கழிவு கொஞ்சம் ஏறிக் காட்டும். கிட்னி கெட்டுப் போச்சுன்னு யாராவது பயம் காட்டுவாங்க. அந்தப் பொருள் சிதைஞ்சாதான் கிரியாட்டினினே வருது, அதனால. இதை எடுக்கறோம்னு எந்த டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. எடைகூட ஒரு கிலோ ஏறலாம், தசை தண்ணி பிடிக்கும்."

அம்மாவின் சிறுநீரகம் நன்றாக இருந்தது. நான் ஆய்வைத் தொடங்கினேன். ஆய்வு என்றுதான் வீட்டில் சொன்னேன். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு பொட்டலம் மடித்தேன். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டுகிறது, காலையில் கிளம்பும் நேரத்தில் சாப்பாடு இறங்காது என்று அம்மா சொன்னதால், ஒன்பது மணி டீயோடும் பன்னோடும் எடுத்துக்கொள்ள ஒரு பொட்டலத்தைத் தினமும் அவர் பைக்குள் வைப்பேன். காலிக் காகிதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி.

"காகிதம் எதுக்குடீ?"

"நீ சாப்பிட்டியான்னு தெரியணும்ல."

"வாயால கேட்டா சொல்லமாட்டனா?"

"வாயால சொல்றத நாங்க கணக்குல எடுக்கறதில்லம்மா."

அம்மா ஒரு நாள் தவறாமல் காகிதத்தைக் கொண்டுவந்தார். நான்காக மடித்து, ஒரு துகள்கூட ஒட்டாமல். சாயங்காலம் நோட்டில் எழுதுவேன்: வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி. ஞாயிறன்று கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பேன். முதல் ஞாயிறு ஒன்பது முறை. வலி எட்டு.

இரண்டு மாத முடிவில் வலி ஐந்து. தூக்கம் 'பரவாயில்லை'யிலிருந்து 'நல்லா தூங்கினேன்' ஆகியிருந்தது. நாற்காலியில் ஒன்பது முறை. ஒரே ஒரு ஞாயிறு பத்து, அன்று கடைசியில் நாற்காலியே நகர்ந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அன்று எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டைப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"வலி கம்மி ஆயிடுச்சு. சந்தோஷம். ஆனா நீங்க கொண்டுவந்த பேப்பர்ல என்ன சொல்லிச்சு? பலம் ஏறும், வலி குறையாதுன்னு. உங்கம்மாவுக்கு உல்ட்டாவா இருக்கே."

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி மேடம்."

"இருக்கலாம். சிலருக்கு இது ஏறவே ஏறாது. எடை எவ்வளவு இருந்தது? அதேதான் இருக்கு. கிரியாட்டினின் பாருங்க, அதுவும் அசையல." பேனாவால் அந்த எண்ணைத் தட்டினார். "டப்பா காலி ஆகுதா?"

"கணக்கா காலி ஆகுது. காலிக் காகிதமெல்லாம் எங்கிட்ட இருக்கு."

"அம்மா, நீங்களே குடிக்கிறீங்களா?"

"தினம் குடிக்கறேனே" என்றார் அம்மா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பொய்யும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்திருந்தால் பத்து நிமிடத்தில் கேள்வி எழுதி அனுப்பியிருப்பேன். எண்ணிக்கை சரி, ஆனால் மருந்து உடம்புக்குள் போன தடயம் எதுவும் இல்லை. வீட்டில் எனக்கு அந்தப் பத்து நிமிடம் மூன்று நாளானது. நான்காம் நாள் விடுப்பு எழுதிவிட்டு, ஒன்பது மணிக்கு அம்மா வேலை செய்யும் தெருவுக்குப் போனேன்.

மூடிக்கிடந்த ஒரு ஹார்டுவேர் கடையின் படிகளில் அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துடைப்பங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. நடுவில் எங்கள் வீட்டு ஃபிளாஸ்க். அம்மா என் பொட்டலத்தைப் பிரித்து, மாவை அப்படியே ஃபிளாஸ்க்குக்குள் கொட்டி, மூடியைத் திருகி, மருந்துக்கடைக்காரர்போல நன்றாகக் குலுக்கினார். பிறகு ஆறு டம்ளரில் ஊற்றினார். சமமாக ஊற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். சுடு டீயில் கிரியாட்டின் நன்றாகக் கரைந்துவிடும், அடியில் தங்காது. ஆகவே ஒவ்வொருவருக்கும் போய்க்கொண்டிருந்தது ஒரு கிராமுக்கும் குறைவு. மீன் வாங்கும் நாளில் மீனிலிருந்தே கிடைத்துவிடும் அளவு.

காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைக்கும்போதுதான் அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆபீஸ் இல்லியா?" என்றார்.

"வா பாப்பா, உன் மாவு டீதான், குந்து" என்று நகர்ந்து இடம் விட்டார், மல்லுக்கு அனுப்பப் போகிறாயா என்று கேட்ட அந்த அக்கா. "நல்லாத்தான் கீது. எனக்கு முட்டி வலிகூட இப்ப அவ்ளோ இல்ல."

"அது உங்களுக்கு இல்லக்கா. அம்மாவுக்கு."

"உங்கம்மாவும் குடிக்கறாளே."

"அம்மா, அஞ்சு கிராம் ஒருத்தருக்கு. ஆறு பேருக்கு இல்ல."

"நீ அத சொல்லலியே" என்றார் அம்மா.

யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டோடு, காகிதத்தைத் திருப்பித் தர வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்றெல்லாம் சொல்லியிருந்தேன். நீ மட்டும் குடி என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை.

"எல்லாம் ஒண்ணா குந்திகினு நான் மட்டும் தனியா கலக்கிக் குடிக்கறதா? பன்னுன்னா பன்னு, ஊறுகான்னா ஊறுகா, படியில பிரிச்சா எல்லாருக்கும்தான். பத்தொம்பது வருஷமா இங்க அப்படித்தான். இவங்களுக்கு மட்டும் வலி இல்லியா? ரிப்போர்ட்டுதான் இல்ல."

"சரி, அப்புறம் உனக்கு வலி எப்படிக் குறைஞ்சுது?"

அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், எல்லோரிலும் இளையவர், சொன்னார். "மாவு குடுக்கறவங்கள வண்டி தள்ள வெக்கலாமா? அதான் அந்த மேட்டுல நாங்களே மாத்தி மாத்தித் தள்றோம். அக்கா கைவீசிகினு வரும்."

"எத்தன நாளா?"

"மாவு வந்த நாள்லேர்ந்து."

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதமாக அம்மா வண்டி தள்ளவில்லை. அதனால் வலி குறைந்திருக்கலாம். நான் தினமும் உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதால் குறைந்திருக்கலாம். பலன் இருக்கும் என்று நம்பிக் குடித்ததால் இருக்கலாம். டாக்டர் சொன்ன இரவு மாத்திரைதான் மெல்ல வேலை செய்ததோ என்னவோ. கிரியாட்டினாக மட்டும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான் நம்பவில்லை என்று ஒதுக்கிய அந்த இரண்டாவது ஆய்வை, அதே தவறுகளோடு, இன்னும் மோசமாக, எங்கள் வீட்டில் செய்து முடித்திருந்தேன். பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தேன்.

வண்டிதான் பெரிய விஷயம். மேற்பார்வையாளர் பார்க்கப்போவது அம்மா தனியாகத் தள்ளுவதை. ஐந்து மாதத்தில் இரண்டு போய்விட்டது, அந்த இரண்டிலும் தள்ளுவதற்கான பழக்கமும் போய்விட்டது.

"அன்னிக்கும் நீங்களே தள்ளுவீங்களா?" என்றேன்.

அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "அத நெனச்சாதான் எங்களுக்கும் பேஜார் பாப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. "உங்கள்ல யாருக்காவது கிட்னி பிரச்சனை இருக்கா? சுகர்? பிபி?"

மூன்று கைகள் எழுந்தன. சுகர் ஒருவருக்கு, பிபி இருவருக்கு. சிறுநீரகம் பற்றி யாருக்கும் தெரியாது, யாரும் பார்த்ததில்லை. அங்கேயே நின்று போனில் டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். மத்தியானம் பதில் வந்தது: அவ்வளவு கொஞ்சத்தில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் பரிசோதிக்காமல் இனி ஒருவருக்கும் வேண்டாம், சுகரும் பிபியும் உள்ளவர்கள் மாவு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வருடம் ஒருமுறை சிறுநீரகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் பேசினோம். சண்டை என்று சொல்ல முடியாது, குக்கர் விசில் இரண்டு தரம் வந்தும் யாரும் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இனிமே என் முன்னாடிதான் குடிக்கணும். வீட்டுல, ராத்திரி சாப்பாட்டோட. முழுசா அஞ்சு கிராம். டீ எப்பவும்போல எல்லாருக்கும் கொண்டு போ, மாவு இல்லாம."

"அவங்க கேட்டா?"

"இல்லன்னு சொல்லு."

"என் வண்டிய ரெண்டு மாசம் தள்ளினவங்ககிட்ட இல்லன்னு நீ வந்து சொல்லு."

"அவங்க தள்ளினதாலதான் உனக்குப் பலம் ஏறல."

"அவங்க தள்ளினதாலதான் நான் ரெண்டு மாசம் நல்லாத் தூங்கினேன். ரெண்டையும் எழுது உன் நோட்டுல."

எழுதினேன். முன்பே எழுதியிருக்க வேண்டும். பழைய பக்கங்களின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, இந்த எட்டு வாரம் செல்லாது, காரணம் ஆறு பேர், வண்டி தள்ளவில்லை என்று எழுதி, அலுவலகத்தில் செய்வதுபோலத் தேதி போட்டேன்.

அம்மா கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். வீட்டில் தனியாகக் குடிப்பார். மேட்டில் வண்டியை முதலில் கால்வாசி தூரம், பிறகு பாதி தூரம் என்று டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தள்ளுவார், மிச்சத்துக்கு மற்றவர்கள் கை கொடுக்கலாம். ஆனால் படியில் உட்காரும் மற்ற ஐந்து பேருக்கும் தனக்குப் பார்த்ததுபோலவே பரிசோதனை பார்க்க வேண்டும். மாவு கிடைக்காவிட்டாலும் ரிப்போர்ட்டாவது கிடைக்கட்டும் என்றார்.

இது நடந்து பத்து நாள் ஆகிறது. வலி ஆறு என்று நேற்று எழுதினேன், நாற்காலியில் ஒன்பது. வண்டி கால்வாசி மேடு. மூன்று மாதத்துக்குள் மேட்டின் உச்சிக்குப் போய்விடுவாரா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆய்வுகளுக்கும் தெரியாது. அவற்றில் மேடு இல்லை.

இன்று காலை மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று ஆறு ஓபி சீட்டு எடுத்தேன். மறு பரிசோதனைக்கு அம்மாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஐந்து. சீட்டு எழுதுபவர் நிமிர்ந்து பார்த்து, "ஆறு பேருமே உங்க வீடா?" என்று கேட்டார். ஆறு பேரும் ஒரே ஃபிளாஸ்க் என்று சொன்னால் புரியாது என்பதால், ஆமாம் என்றேன். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். டீ நேரம் கழித்துத்தான்.